உழவர் தொழில் முனைவோரின் அறிமுகக் குறிப்பு

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட பயிற்சிக் கூட்டம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



விளைந்ததை விளைந்தபடியே விற்றுவந்த உழவர் சிலர், இன்று அதைப் பக்குவப்படுத்திப் பையிலிட்டு, தம் பெயரிலேயே விற்க முன்வந்திருக்கின்றனர். அப்படி முன்வந்தவர் ஒருநாள் இரு வகையான மனிதர் முன்னே நிற்க வேண்டியவராகிறார். ஒருவர் சரக்கை வாங்குபவர். மற்றொருவர் கடன் கொடுப்பவர். இருவரும் முதலில் கேட்பது ஒன்றே: “உங்களைப் பற்றி ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.” அந்த ஒரு பக்கத்தை எப்படி எழுதுவது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஏர் பிடித்த கைக்கு ஒரு பக்கம் எழுதுவது பெரிய காரியமா என்று சிலர் எண்ணலாம். எழுதுவது எளிது, எழுதியதற்குக் கட்டுப்பட்டு நடப்பதே கடினம். அந்தப் பக்கம் பாராட்டுரை அன்று, வாக்குறுதி. இதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன்.

தருமபுரி மாவட்டத்தில் சாமை பயிரிடும் உழவர் ஒருவர். பெயர் நமக்கு வேண்டுவதில்லை. ஆறு ஏக்கர் மானாவாரி நிலம். அதில் நான்கு ஏக்கரில் சாமை. முதலில் உமி நீக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி அக்கம்பக்கத்தாருக்குக் கூலிக்கு அரைத்துக் கொடுத்தார். பிறகு அவர்களுடைய சாமையையும் விலைக்கு வாங்கி, கல் நீக்கி, உமி நீக்கி, அரிசியாக்கி விற்கத் தொடங்கினார். இப்போது ஏறத்தாழ நாற்பது குடும்பங்கள் தம் சாமையை அவரிடமே கொடுக்கின்றன. சாமை அரிசி, சாமை ரவை, சாமை மாவு ஆகிய மூன்றும் அவர் விற்கும் பண்டங்கள்.

வாங்குவோரும் விற்போரும் சந்திக்கும் கூட்டம் ஒன்றுக்குச் செல்லுமுன் அவர் கணினி நிலையத்தில் அறிமுகக் குறிப்பு ஒன்றைத் தயாரித்துக்கொண்டார். வண்ணத்தில் அச்சிட்ட அழகிய பக்கம் அது. “வேளாண்மையில் புரட்சி கண்ட செயல் வீரர்” என்று தொடங்கி, “ஆண்டுக்கு 480 டன் உற்பத்தித் திறன்” என்று அது முடிந்திருந்தது. இந்த 480 டன் எங்கிருந்து வந்தது? இயந்திரத்தின்மேல் மணிக்கு 200 கிலோ என்று பொறித்திருக்கிறது. நாளைக்கு எட்டு மணி, மாதத்திற்கு இருபத்தைந்து நாள், ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் என்று பெருக்கினால் 480 டன் வருகிறது. பெருக்கலில் பிழையில்லை. ஆனால் அது இயந்திரத்தின் திறனேயன்றி அவருடைய தொழிலின் அளவு அன்று. அதுவும் அரிசியின் எடையன்று. இயந்திரத்தினுள் செல்லும் உமியுள்ள சாமையின் எடை.

கூட்டத்தில் நகரத்து வியாபாரி ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்தார், மகிழ்ந்தார். “மாதம் பத்து டன் அரிசி கொடுங்கள்; இன்றே ஒப்பந்தம் எழுதுவோம்” என்றார். நம் உழவருக்குக் கை நடுங்கியது. ஏன் நடுங்கியது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். நூறு கிலோ சாமையை உமி நீக்கினால் ஏறத்தாழ அறுபது கிலோ அரிசி தேறும். பத்து டன் அரிசிக்கு ஏறத்தாழ பதினேழு டன் சாமை வேண்டும். ஆண்டு முழுவதற்கும் 200 டன் வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு ஐந்து குவிண்டால் விளைகிறது என்று வைத்துக்கொண்டால், அது 400 ஏக்கர் விளைச்சல். கிலோ 40 ரூபாய் வீதம் வாங்கினாலும் 80 லட்சம் ரூபாய் தேவைப்படும். அவர் உண்மையில் ஓராண்டில் வாங்கி அரைத்ததோ 30 டன் சாமை. தேறிய அரிசி 18 டன். அதாவது மாதம் ஒன்றரை டன். அன்று அவர் கையெழுத்திட்டிருந்தால், மூன்றாம் மாதமே சரக்கு இல்லாமல் நின்றிருப்பார். சொன்ன சொல் தவறியவரிடம் அந்த வியாபாரி மறுபடி வருவாரா? அவரை நம்பிச் சாமை விதைத்த நாற்பது குடும்பங்களின் கதி என்ன?

நல்லவேளையாக அவர் கையெழுத்திடாமல் திரும்பி வந்தார். வந்தவர் அந்தப் பக்கத்தை மாற்றி எழுதினார். மாற்றி எழுதிய முறையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

முதலில் அவர் தம் வீட்டில் இருந்த ஏடுகளையெல்லாம் எடுத்து மேசைமேல் பரப்பினார். பட்டா, கொள்முதல் சிட்டை, அரைவைக் குறிப்பேடு, விற்பனைச் சீட்டுகள், வங்கிக் கணக்குப் புத்தகம், உணவுப் பாதுகாப்புத் துறையில் பெற்ற பதினான்கு இலக்கப் பதிவு எண், சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்று ஆகியவை அவை. பின்னர் ஒரு விதி செய்துகொண்டார்: “இந்த ஏடுகளில் எதைக் காட்டி மெய்ப்பிக்க முடியுமோ, அதை மட்டுமே எழுதுவேன்.” இந்த ஒரு விதியால் பழைய பக்கத்தின் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. “புரட்சி” போயிற்று, “செயல் வீரர்” போயிற்று. “முற்றிலும் இயற்கை விளைபொருள்” என்ற சொற்களும் போயின. அவருடைய நிலத்தில் இரசாயன உரம் இடுவதில்லை என்பது உண்மையே. ஆனால் நாற்பது குடும்பங்களின் நிலத்தைப் பற்றி அவரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. சான்றிதழ் இல்லாமல் அவ்வாறு எழுதி, வாங்குபவர் சான்று கேட்டால், அந்த ஒரு வரியால் மற்ற வரிகளின் மீதும் ஐயம் விழும்.

அடுத்து, வாங்குபவருக்கும் கடன் கொடுப்பவருக்கும் ஒரே பக்கம் போதாது என்பதை அவர் உணர்ந்தார். வாங்குபவர் அறிய விரும்புவது, “இன்று கொடுத்த சரக்கையே அடுத்த மாதமும் கொடுப்பாரா?” என்பது. கடன் கொடுப்பவர் அறிய விரும்புவது, “கொடுத்த பணம் எந்த வழியாகத் திரும்பி வரும்?” என்பது. கேள்விகள் வேறாகையால் விடைகளும் வேறு. ஆனால் இரண்டு பக்கங்களிலும் உள்ள எண்கள் ஒன்றாகவே இருக்க வேண்டும். வாங்குபவரிடம் பெரிய எண்ணும் வங்கியில் சிறிய எண்ணும் சொல்பவர், இரண்டு இடங்களிலும் நம்பிக்கையை இழப்பார்.

வாங்குபவருக்காக அவர் எழுதிய பக்கம் இது:

“நான் சாமை பயிரிடும் உழவன். நான்கு ஏக்கரில் நானே விளைவிக்கிறேன். எங்கள் ஊரிலும் அடுத்த ஊர்களிலும் உள்ள நாற்பது குடும்பங்களிடம் வாங்குகிறேன். சென்ற ஆண்டு 30 டன் சாமையை அரைத்து 18 டன் அரிசி விற்றேன். ஆகையால் மாதம் ஒன்றரை டன் வரை ஒப்புக்கொள்ள முடியும். அதற்கு மேல் வேண்டுவோர் விதைப்புக்கு முன்பே சொன்னால், அடுத்த அறுவடைக்கு ஏற்பாடு செய்வேன். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கிலோ அரிசியை நீரில் அரித்து, கிடைத்த கல்லையும், ஒரு கைப்பிடி அரிசியில் உமி நீங்காத மணிகளையும் எண்ணிக் குறித்து வைக்கிறேன். அந்தக் குறிப்பின் நகலைச் சரக்குடன் அனுப்புவேன். அரிசி எப்போதும் இருப்பில் உண்டு. ரவையும் மாவும் கேட்ட பிறகே அரைக்கப்படும். சரக்குச் சேர்ந்த முப்பது நாட்களுக்குள் பணம் தர வேண்டுகிறேன்.”

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. சிறுதானியம் வாங்குபவர் முதலில் அஞ்சுவது கல்லுக்கு. சாமை மணி மிகச் சிறியது. களத்து மண்ணிலுள்ள பொடிக்கல்லும் ஏறத்தாழ அதே அளவு. சல்லடையால் மட்டும் அதைப் பிரிக்க முடியாது. எடை வேறுபாட்டைக் கொண்டு பிரிக்கும் கல் நீக்கும் இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரத்தின் சாய்வும் காற்றும் சற்று மாறினாலும் கல் தங்கிவிடும். ஆகவே “கல் இல்லாத அரிசி” என்று எழுதுவதைவிட, “அரித்துப் பார்த்து எண்ணிக் குறிக்கிறேன்” என்று எழுதுவதே வாங்குபவருக்கு உறுதி அளிக்கும். அறிந்த வியாபாரி அந்தக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுவார். எல்லா நாளும் ஒரே எண்ணாக இருந்தால், அது ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது என்று கண்டுகொள்வார். ஒருநாள் இரண்டு, ஒருநாள் ஐந்து, ஐந்து வந்த நாளில் “மறுபடி இயந்திரத்தில் விட்டேன்” என்ற குறிப்பு என்று இருந்தால், நம்புவார்.

மாவைக் கேட்ட பிறகே அரைப்பதற்கும் காரணம் இருக்கிறது. தவிடு முழுதும் நீக்காத சாமையில் எண்ணெய்ச் சத்து தங்கியிருக்கிறது. மாவாக அரைக்கும்போது அந்த எண்ணெய் காற்றுப்பட்டு விரைவில் சிக்கெடுத்துப் போகிறது. சிக்கு வாடையும் நாவில் தங்கும் கசப்புமே அதன் அடையாளம். நம் உழவர் பை பையாக மாவைக் கட்டி அலமாரியில் வைத்து, பதினைந்து நாட்களுக்கு ஒரு பையைப் பிரித்து முகர்ந்தும் சமைத்தும் பார்த்தார். எந்தப் பையில் கசப்பு தோன்றியதோ, அதற்கு நெடுநாள் முந்தியதையே தம் பண்டத்தின் காலவரம்பாகக் கொண்டார். பிறர் பையில் அச்சிட்டிருக்கும் காலவரம்பைப் பார்த்து எழுதினால், திரும்பி வரும் சரக்கின் நட்டம் நமக்கே. இன்னொன்றும் உண்டு. சிறுதானியங்களுக்கு ஈரப்பதம், வேற்றுப்பொருள், வண்டு துளைத்த மணி முதலியவற்றுக்கு வரம்பு கட்டிய தர விதிகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பெரிய வியாபாரிகள் இவற்றுக்குப் பரிசோதனைச் சீட்டு கேட்பார்கள். சீட்டு இருந்தால் அதன் தேதியோடு எழுதுக. இல்லையேல் மாதிரி தர ஆயத்தமாக இருப்பதாக மட்டும் எழுதுக.

இனிக் கடன் கொடுப்பவருக்கு எழுதிய பக்கத்தைப் பார்ப்போம். இங்கே நம் உழவர் முதலில் இன்னொரு இயந்திரம் வாங்கக் கடன் கேட்கவே எண்ணியிருந்தார். ஏடுகளைப் பரப்பியபோதுதான், இருக்கும் இயந்திரமே ஆண்டில் பெரும்பாலான நாட்கள் சும்மா கிடப்பதைக் கண்டார். 30 டன் அரைக்க, மணிக்கு 200 கிலோ வீதம் 150 மணி நேரமே போதும். அப்படியானால் தொழிலுக்கு முட்டுக்கட்டை எங்கே இருக்கிறது? சாமை அறுவடையாவது ஆண்டுக்கு ஒருமுறை. அறுவடையை ஒட்டிய இரண்டு மூன்று மாதங்களுக்குள் ஆண்டு முழுவதற்கும் வேண்டிய 30 டன்னையும் வாங்கி இருப்பு வைக்க வேண்டும். கிலோ 40 ரூபாய் வீதம் அதற்கு 12 லட்சம் வேண்டும். அவர் கையில் இருப்பது 6 லட்சம். மீதியில் 3 லட்சத்திற்கு மனைவியின் நகை அடகில் இருக்கிறது. இன்னும் 3 லட்சத்திற்கு அக்கம்பக்கத்து உழவர்கள் பணத்திற்காகக் காத்திருக்கிறார்கள். ஆகவே அவருக்கு வேண்டியது இயந்திரக் கடன் அன்று. கொள்முதலுக்கான நடைமுறை மூலதனம். இதை அவருக்குச் சொன்னது அவருடைய கொள்முதல் சிட்டையே.

அவர் எழுதிய பக்கம் இது:

“என் தொழிலுக்கு அறுவடைக் காலத்தில் 12 லட்சம் ரூபாய் வேண்டும். என் பணம் 6 லட்சம். மற்ற 6 லட்சத்தைக் கடனாகக் கேட்கிறேன். வாங்கும் தானியத்தின் அளவுக்கே பணம் எடுப்பேன். மாதந்தோறும் இருப்புக் கணக்குத் தருவேன். மாதம் ஒன்றரை டன் அரிசியை, கிலோ 90 ரூபாய் வீதம், 1,35,000 ரூபாய்க்கு விற்கிறேன். மின்சாரம், ஆட்கூலி, பை, வண்டி ஆகியவற்றுக்கு ஆண்டில் 2 லட்சம் செலவாகிறது. பணம் முப்பது நாளில் வருவதால், இரண்டாம் மாதத்திலிருந்து மாதம் 50,000 ரூபாய் வீதம் அசலைத் திருப்புவேன். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடனும், 3 லட்சம் நகைக் கடனும் எனக்கு உண்டு. மழை பொய்த்த ஓர் ஆண்டில் 18 டன் மட்டுமே வாங்க முடிந்தது. அவ்வாண்டு நகைக் கடனுக்கு வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்தேன். நிலம் என் தந்தையார் பெயரில் இருந்தது. சகோதரர் சம்மதத்துடன் என் பங்குக்குப் பட்டா மாற்றியிருக்கிறேன்.”

கடனையும் கெட்ட ஆண்டையும் தாமாகவே எழுதலாமா என்று நண்பர்கள் அவரைத் தடுத்தார்களாம். எழுதாவிட்டாலும் கடன் தகவல் அறிக்கையில் வங்கியில் பெற்ற பழைய கடன்களும் தவணைகளும் தெரியவே செய்யும். நாம் சொல்லி அறிவது வேறு. நாம் மறைத்ததை அவர்கள் கண்டுபிடிப்பது வேறு. மேலும் மானாவாரித் தொழிலில் மழை பொய்க்காத ஆண்டுகளையே காட்டும் கணக்கை அனுபவமுள்ள அதிகாரி நம்பமாட்டார். கெட்ட ஆண்டில் அவர் என்ன செய்தார் என்பதே அவர் அறிய விரும்புவது. 18 டன்னோடு நின்று, அதிக விலைக்கு வெளியூர்ச் சரக்கை வாங்கி நட்டப்படாமல் இருந்தது அவருக்குக் குறையன்று, தகுதி.

இங்கே இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நிற்கின்றன என்பதையும் காணுங்கள். மாதம் வரும் 1,35,000 ரூபாயில் ஒரு லட்சம், தானியத்தில் போட்ட முதல் திரும்புவதாகும். அதில் 50,000 கடனுக்குப் போகிறது. 50,000 அடுத்த அறுவடைக்காகத் தம் சொந்த முதலாகச் சேர்கிறது. எஞ்சிய 35,000 ரூபாயில்தான் அரைவைச் செலவும் வட்டியும் குடும்பமும் நடக்க வேண்டும். இப்போது வாங்குபவர் ஒருவர், “பணம் அறுபது நாளில் தருவேன்” என்று சொல்லி, இவரும் ஆசையால் இசைந்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டு மாத விற்பனையாகிய 2,70,000 ரூபாய் எப்போதும் வெளியே நிற்கும். முதல் தவணைகளைக் கட்டக் கையில் பணமிராது. சரக்கு நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே தவணை தவறும். ஆகையால் வாங்குபவரின் பக்கத்திலுள்ள “முப்பது நாள்” என்ற இரண்டு சொற்களே வங்கிப் பக்கத்தின் அடித்தளம். ஒன்றை மாற்றினால் மற்றதையும் திருத்தி எழுத வேண்டும்.

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பத்து டன் கேட்ட வியாபாரி புதிய பக்கத்தைப் பார்த்து, முதலில் 500 கிலோ மட்டும் அனுப்பச் சொன்னார். அதன் பின்னர் மாதம் ஒரு டன்னுக்கு ஒப்புக்கொண்டார். வங்கியார் வந்து இருப்பையும் ஏடுகளையும் பார்த்து, கேட்ட 6 லட்சத்தில் 4 லட்சம் அனுமதித்தனர். பெரும் வெற்றி என்று இதைக் கூறுவதற்கில்லை. ஆனால் அந்த 4 லட்சத்தில் 3 லட்சம், காத்திருந்த உழவர்களுக்குக் களத்திலேயே பணமாகச் சேர்ந்தது. நகை இன்னும் அடகிலேதான் இருக்கிறது. ஓராண்டுத் தவணையைத் தவறாமல் கட்டிய பின்னர் மீதியைக் கேட்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய உழவர் உங்களிடம் நற்சான்றுக் கடிதம் கேட்டு வருவார். “நேர்மையானவர், கடின உழைப்பாளி” என்று எழுதிக் கொடுப்பது எளிது. படிப்பவருக்கு அதனால் பயன் சிறிது. உங்கள் கண்ணால் கண்டதை எழுதுங்கள். “இன்ன ஆண்டு முதல் எங்கள் ஊரில் இவருடைய அரைவைக் கூடம் நடந்துவருகிறது; நானும் இவருக்குச் சாமை விற்றிருக்கிறேன்; இன்ன நாளில் பணம் கொடுத்தார்” என்ற மூன்று வரிகள் ஒரு பக்கப் புகழ்ச்சியைவிட மதிப்புடையவை. அதோடு பட்டா, ஆதார், வங்கிக் கணக்கு, உரிமப் பதிவு ஆகிய நான்கிலும் அவருடைய பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓர் எழுத்து வேறுபாட்டால் விண்ணப்பம் பல வாரம் கிடக்கக்கூடும். அதைத் திருத்த வேண்டிய காலம் அறுவடைக்கு முன்னரேயன்றி, அறுவடை நாளில் அன்று.

உழவர் நண்பர்களே! உங்கள் குறிப்பை எழுதி முடித்ததும், அதை அச்சகத்திற்கு எடுத்துச் செல்லுமுன், உங்களுக்குச் சரக்குக் கொடுக்கும் உழவர் இருவரை அழைத்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். மாதம் ஒன்றரை டன் என்று நீங்கள் எழுதுவது அவர்களுடைய நிலத்தில் விளைய வேண்டிய சரக்கு. முப்பது நாள் என்று எழுதுவது அவர்களுக்குச் சேர வேண்டிய பணம். கேட்டுக்கொண்டிருப்பவர் எந்த வரியில் சிரிக்கிறாரோ, அந்த வரியை அடித்துவிடுங்கள். எந்த வரியில் “ஆம், அப்படித்தான்” என்று தலையசைக்கிறாரோ, அந்த வரியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.